ஏ பிரிவின் 7 மதிப்பெண்: முன்மதிப்பெண்ணைக் கொண்டு திருத்திய ஒரு வகுப்பறை ஒப்பீடு

பின்னணி

இந்த ஒப்பீடு ஓர் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. பள்ளியையோ ஆட்களையோ அடையாளம் தெரியும்படி எழுதவில்லை. எண்களைப் படிக்க எளிதாக இருக்கும்படி கொஞ்சம் தோராயப்படுத்தியிருக்கிறேன். அதனால் கதை மாறாது.

அந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியை ஒருவர் பணியில் இருந்துகொண்டே ஆய்வுப் படிப்பும் படித்துவந்தார். ஒன்பதாம் வகுப்பில் ஏ, பி என்று இரண்டு பிரிவுகள். இரண்டும் தமிழ்வழி, இரண்டுக்கும் கணக்கு எடுத்தவர் அவரே. ஏ பிரிவில் மட்டும் வெள்ளிக்கிழமை இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து ஒரு புது முறையை நடத்தினார். நான்கு நான்கு பேராகப் பிள்ளைகள் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போடுவார்கள். பிறகு குழுவில் ஒருவர் எழுந்து, ஏன் அப்படிப் போட்டோம் என்று மற்றக் குழுக்களுக்கு விளக்குவார். யார் எழுந்திருப்பது என்பது சீட்டு எடுத்துத்தான் முடிவாகும், அதனால் நால்வரும் புரிந்துகொண்டே ஆக வேண்டும். பி பிரிவில் அதே வெள்ளிக்கிழமை வேறு இரண்டு பாடவேளைகளில் வழக்கமான பயிற்சிக் கணக்குகள் நடந்தன.

புது முறை ஜூலை இரண்டாம் வாரம் தொடங்கியது. மார்ச்சில் இரு பிரிவுக்கும் ஒரே வினாத்தாளில் 100 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. விடைத்தாள்களைத் திருத்தியவர் வேறொரு பள்ளியின் ஆசிரியர். எந்தத் தாள் எந்தப் பிரிவு என்று அவருக்குத் தெரியாது. இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அந்த ஆசிரியை மீது எனக்கு மதிப்பு வந்தது. நான் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். ஆய்வேட்டின் கணக்குப் பகுதியைப் பார்த்துத் தரச் சொல்லி ஏப்ரலில் வந்தார்.

கையில் இருந்த விடை

ஏ பிரிவில் 38 பேர், பி பிரிவில் 40 பேர் மார்ச் தேர்வை எழுதியிருந்தார்கள். ஏ பிரிவின் சராசரி 64, பி பிரிவின் சராசரி 57. வித்தியாசம் 7. இரண்டு பிரிவிலும் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 14 அளவில் இருந்தது. இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்கும் டி சோதனையை இந்த எண்களை வைத்துப் போட்டால் 7 மதிப்பெண் வித்தியாசத்தின் திட்டப் பிழை 3.2 வருகிறது, டி மதிப்பு 2.2. வழக்கமான 5 சதவீத எல்லையைத் தாண்டிவிட்டது. “புதிய முறை கணக்குத் தேர்ச்சியைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்துகிறது” என்று ஆய்வேட்டின் ஐந்தாம் இயலில் வரியும் எழுதி வைத்திருந்தார்.

கணக்கில் தவறு எதுவும் இல்லை. நான் கேட்டது ஒன்றுதான்: “ஏ பிரிவுக்கு யார் போவது, பி பிரிவுக்கு யார் போவது என்று யார் முடிவு செய்தது, டீச்சர்?”

“அது சேர்க்கை வரிசைப்படி சார். முதல்ல வந்து சேர்ந்தவங்க ஏ, அது நிரம்பினதும் பி.”

கவனித்தது

சேர்க்கை வரிசை என்பது கேட்க நடுநிலையாகத் தெரியும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிகளில் எட்டாவது முடித்தவர்கள். முதல் நாளே மாற்றுச் சான்றிதழோடு வந்து நிற்கிற பெற்றோரும், சேர்க்கை முடியும் நேரத்தில் தலைமையாசிரியர் ஆள் அனுப்பிக் கூட்டிவருகிற பிள்ளையின் பெற்றோரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் இல்லை. வேலை தேடி வெளியூர் போய்த் திரும்பும் குடும்பத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ எல்லாருமே பி பிரிவில்தான் இருந்தார்கள்.

நல்ல வேளையாக, ஜூன் மூன்றாம் வாரம் பள்ளியே ஒரு நிலையறி தேர்வு வைத்திருந்தது. 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். ஏ பிரிவின் ஜூன் சராசரி 58, பி பிரிவின் ஜூன் சராசரி 50. அதாவது வெள்ளிக்கிழமை வகுப்பு ஒன்றுகூட நடப்பதற்கு முன்பே ஏ பிரிவு 8 மதிப்பெண் முன்னால் நின்றது. மார்ச்சில் 7 முன்னால் நிற்கிறது.

அவர் அந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அப்ப ஒண்ணுமே நடக்கலையா சார்?” என்றார். அதுவும் இன்னும் சொல்ல முடியாது என்றேன். ஜூனின் 8 மதிப்பெண்ணில் எவ்வளவு மார்ச் வரை தானாகவே தொடர்ந்து வந்திருக்கும் என்பது தெரிந்தால்தான், மார்ச்சின் 7-ல் மீதி எவ்வளவு என்று சொல்ல முடியும். உடன்மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஆராய்ச்சியாளர்கள் வாயில் அன்கோவா, செய்வது இந்தக் கழித்தலைத்தான்.

எந்த முன்மதிப்பெண்?

கணக்குக்குப் போகும் முன் இந்தக் கேள்விக்கே ஒரு மாலை முழுவதும் போனது. அவரிடம் மூன்று பழைய மதிப்பெண்கள் இருந்தன: எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு, ஜூன் நிலையறி தேர்வு, செப்டம்பர் காலாண்டுத் தேர்வு.

அவருடைய ஆய்வு நெறியாளர் காலாண்டு மதிப்பெண்ணைச் சொல்லியிருந்தார். அதற்கு நியாயமான காரணமும் சொன்னார்: மூன்றில் மார்ச் தேர்வோடு மிக நெருங்கிய ஒட்டுறவு அதற்குத்தான் இருந்தது. ஆனால் புது முறை தொடங்கியது ஜூலையில். செப்டம்பருக்குள் ஏ பிரிவுக்கு எட்டு ஒன்பது வெள்ளிக்கிழமைகள் ஆகியிருந்தன. அந்த வகுப்புகள் பிள்ளைகளை 3 மதிப்பெண் உயர்த்தியிருந்தால், அந்த 3 காலாண்டு மதிப்பெண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். காலாண்டை முன்மதிப்பெண்ணாக வைத்துக் கழித்தால், நாம் தேடுகிற விளைவையும் சேர்த்தே கழித்துவிடுவோம். முறை தொடங்கிய பிறகு எடுத்த எந்த அளவையும் இப்படிக் கழிப்பதற்கான துணைமாறியாக வைக்கக் கூடாது, ஒட்டுறவு எவ்வளவு அதிகமாக இருந்தாலும். இதை அவரே நெறியாளரிடம் சொன்னார், அவரும் ஒப்புக்கொண்டார்.

எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு வேறு சிக்கல். ஏழு வெவ்வேறு பள்ளிகளில், வெவ்வேறு கேள்வித்தாளில், வெவ்வேறு கை திருத்திய மதிப்பெண்கள் அவை. ஒரு பள்ளியின் 80-க்கும் இன்னொரு பள்ளியின் 80-க்கும் பொருள் ஒன்றல்ல.

மிஞ்சியது ஜூன் தேர்வு. எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே வாரம், புது முறைக்கு முன்னால். அதையே எடுத்துக்கொண்டோம்.

திருத்தக் கணக்கு

முதலில் எந்த மென்பொருளும் இல்லாமல் ஒன்று செய்யச் சொன்னேன். ஜூனில் 45 முதல் 55 வரை எடுத்த பிள்ளைகளை மட்டும் இரு பிரிவிலிருந்தும் பொறுக்கி எடுங்கள். ஏ பிரிவில் 9 பேர், பி பிரிவில் 10 பேர் கிடைத்தார்கள். இவர்களின் மார்ச் சராசரி ஏ பிரிவில் 59, பி பிரிவில் 57. ஒரே இடத்திலிருந்து கிளம்பியவர்களை ஒப்பிட்டால் 7 மதிப்பெண் இடைவெளி 2-க்குச் சுருங்கிவிட்டது. இது கரடுமுரடான கணக்குதான். பத்துப் பேரை நம்பி எதையும் எழுத முடியாது. ஆனால் அன்கோவா எதைக் கேட்கிறது என்று புரிவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது: ஜூனில் ஒரே மதிப்பெண் எடுத்த இரு பிள்ளைகள், ஒன்று ஏ பிரிவில், மற்றது பி பிரிவில், மார்ச்சில் அவர்களுக்குள் எவ்வளவு வித்தியாசம்?

78 பேரையும் பயன்படுத்த வேண்டுமானால் ஒரு கோடு தேவைப்படுகிறது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும், ஜூனில் ஒரு மதிப்பெண் கூட எடுத்த பிள்ளை மார்ச்சில் சராசரியாக எவ்வளவு கூட எடுத்திருக்கிறது? ஏ பிரிவுக்குள் 0.65, பி பிரிவுக்குள் 0.75. இரண்டையும் சேர்த்த பொதுச் சாய்வு 0.70. பிரிவுக்குள் என்ற சொல் இங்கே முக்கியம். பிரிவுகளுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் நமக்குத் தெரிய வேண்டியது. அது சாய்வைக் கணக்கிடும்போது கலந்துவிடக் கூடாது.

இனி கணக்கு ஒரு வரி. ஜூனில் 8 மதிப்பெண் முன்னால் இருந்ததால் மட்டுமே மார்ச்சில் எதிர்பார்க்கக்கூடிய முன்னிலை 0.70 × 8 = 5.6. உண்மையில் இருந்த முன்னிலை 7. மீதி 1.4.

இதையே திருத்திய சராசரிகளாகவும் எழுதலாம். 78 பேரின் ஜூன் சராசரி 53.9. இரு பிரிவும் ஜூனில் இந்த 53.9-லேயே நின்றிருந்தால் மார்ச்சில் ஏ பிரிவு 61.1, பி பிரிவு 59.7 எடுத்திருக்கும். ஆய்வேட்டில் அட்டவணை கேட்பார்கள் என்பதால் இந்த வடிவத்தையும் வைத்தோம். கணினியில், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில், இவ்வளவுதான். pre என்பது ஜூன் மதிப்பெண், post என்பது மார்ச் மதிப்பெண்:

```r
d$section <- factor(d$section, levels = c("B", "A"))
m1 <- lm(post ~ pre + section, data = d)
summary(m1)
confint(m1)
m2 <- lm(post ~ pre * section, data = d)
anova(m1, m2)
```

முதல் நான்கு வரிகள் திருத்திய வித்தியாசத்தையும் அதன் நம்பிக்கை இடைவெளியையும் தருகின்றன. திட்டப் பிழை 2.2, 95 சதவீத இடைவெளி −3.0 முதல் 5.8 வரை. கடைசி இரண்டு வரிகள் இரு பிரிவின் சாய்வும் ஒன்றுதானா என்று பார்க்கின்றன. இது சடங்குக்காகச் செய்கிற சோதனை இல்லை. சாய்வுகள் மிகவும் வேறுபட்டிருந்தால், புது முறை நன்றாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு மாதிரியும் பின்தங்கியவர்களுக்கு வேறு மாதிரியும் வேலை செய்திருக்கிறது என்று பொருள், அப்போது 1.4 என்ற ஒற்றை எண்ணைச் சொல்வதே தவறாகிவிடும். இங்கே 0.65-க்கும் 0.75-க்கும் உள்ள வித்தியாசம் அதன் திட்டப் பிழையைவிடச் சிறியது. சிதறல் வரைபடத்திலும் இரு கோடுகளும் ஏறத்தாழ இணையாகவே ஓடின. பொதுச் சாய்வோடு மேலே போனோம்.

வரைபடத்தில் இன்னொன்றையும் பார்த்தோம். ஏ பிரிவின் ஜூன் மதிப்பெண்கள் 26 முதல் 88 வரை, பி பிரிவினுடையவை 20 முதல் 82 வரை. பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. ஒரு பிரிவு முழுக்க 60-க்கு மேலும் மற்றது முழுக்க 50-க்குக் கீழும் இருந்திருந்தால் கணினி அப்போதும் ஒரு திருத்திய வித்தியாசத்தைக் கொடுத்திருக்கும். ஆனால் அது பிள்ளைகளே இல்லாத இடத்தில் கோட்டை நீட்டி வாங்கிய எண்.

மூன்று விடைகள்

மறுவாரம் அவர் ஒரு கேள்வியோடு வந்தார். அதே துறையில் படிக்கிற ஒருவர், “இவ்வளவு சுற்றுவானேன்? மார்ச்சிலிருந்து ஜூனைக் கழித்து முன்னேற்றத்தை ஒப்பிடு” என்றாராம். ஆசிரியையும் போட்டுப் பார்த்திருந்தார். ஏ பிரிவின் முன்னேற்றம் 64 − 58 = 6. பி பிரிவின் முன்னேற்றம் 57 − 50 = 7. வித்தியாசம் −1. இப்போது ஏ பிரிவு பின்தங்கிவிட்டது!

ஒரே பிள்ளைகள், ஒரே மதிப்பெண்கள். நேரடி ஒப்பீட்டில் 7, அன்கோவாவில் 1.4, முன்னேற்றக் கணக்கில் −1. இதைப் பார்த்து அவர் கலங்கிப்போனது எனக்கு நன்றாகப் புரிந்தது. 1967-ல் ஃபிரெடெரிக் லார்ட் என்ற உளவியல் அளவீட்டு அறிஞர் இதே சிக்கலை இரண்டு பக்கக் கட்டுரையாக எழுதினார். அது இன்றுவரை லார்டின் முரண் என்றே அழைக்கப்படுகிறது. அவருடைய எடுத்துக்காட்டில் ஒரு பல்கலைக்கழக விடுதிச் சாப்பாட்டின் விளைவை, மாணவர் மாணவியரின் எடையை வைத்து, இரண்டு புள்ளியியலாளர்கள் இரண்டு விதமாகக் கணக்கிட்டு எதிரெதிர் முடிவுக்கு வருகிறார்கள். இருவர் கணக்கிலும் பிழை இல்லை.

மூன்று விடையையும் ஒரே வரியில் எழுதிக் காட்டினேன்: 7 − b × 8. இதில் b என்பது சாய்வு. நேரடி ஒப்பீடு b-ஐ 0 என்று வைத்துக்கொள்கிறது. ஜூனில் எங்கே நின்றோம் என்பது மார்ச்சில் எதையும் தீர்மானிக்காது என்று பொருள். முன்னேற்றக் கணக்கு b-ஐ 1 என்று வைத்துக்கொள்கிறது. புது முறை இல்லாவிட்டால் ஜூனின் 8 மதிப்பெண் இடைவெளி மார்ச்சில் அப்படியே 8 ஆக நின்றிருக்கும் என்று பொருள். அன்கோவா b-ஐத் தரவிடமே கேட்டு 0.70 என்று எடுத்துக்கொள்கிறது.

சாய்வு 1-க்குக் கீழே வருவதில் வியப்பில்லை. ஜூனில் 85 எடுத்தவர்களில் சிலர் அன்று அதிர்ஷ்டத்தோடும் எழுதியவர்கள். மார்ச்சில் அவர்கள் சராசரி பக்கம் கொஞ்சம் இறங்குவார்கள். 25 எடுத்தவர்களில் சிலருக்கு அன்று காய்ச்சல், அவர்கள் ஏறுவார்கள். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஏ பிரிவில் 85 எடுத்த பிள்ளை எந்தச் சராசரியை நோக்கி இறங்குகிறது? அன்கோவா, இரு பிரிவின் பிள்ளைகளும் ஒரே கூட்டத்திலிருந்து வந்தவர்கள் போல, ஒரே சராசரியை நோக்கிப் போவார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. ஏ பிரிவும் பி பிரிவும் உண்மையிலேயே இரு வேறு கூட்டங்கள் என்றால் ஒவ்வொன்றும் தன் தன் சராசரியை நோக்கித்தான் போகும். அப்போது அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி 5.6-க்குச் சுருங்காமல் 8 ஆகவே நிற்கலாம். இதில் எது சரி என்பதை 78 பேரின் இரண்டு மதிப்பெண்கள் சொல்லாது. பிள்ளைகள் பிரிவுகளுக்குள் எப்படி வந்தார்கள் என்பதுதான் சொல்லும். இங்கே வந்த வழி சேர்க்கை வரிசை, அதன் பின்னால் குடும்ப நிலை. அதனால் அன்கோவா விடையை மட்டும் உண்மை என்று நிறுத்த என் மனம் ஒப்பவில்லை.

ஜூன் தேர்வின் சொந்தப் பிழை

இன்னொரு விஷயத்தை நான்தான் கிளறினேன். ஜூன் தேர்வு 25 கேள்வி. ஒரு பிள்ளையின் உண்மையான கணக்குத் திறமையை 25 கேள்வியால் துல்லியமாக அளந்துவிட முடியாது. அளவில் பிழை இருந்தால் சாய்வு உள்ளதைவிடத் தட்டையாகத் தெரியும். சாய்வு தட்டையானால் கழிக்க வேண்டியதைவிடக் குறைவாகக் கழிப்போம். மிச்சம் நிற்கிற தொகை, முதலிலேயே முன்னால் இருந்த பிரிவின் கணக்கில் விளைவாக எழுதப்பட்டுவிடும்.

அளந்து பார்க்க வழி இருந்தது. விடைத்தாள்கள் பள்ளியிலேயே இருந்தன. ஒற்றைப்படை எண் கேள்விகளின் மொத்தத்தையும் இரட்டைப்படை எண் கேள்விகளின் மொத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டினார். 78 தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. பிரிவுக்குள் இந்த இரண்டு பாதிகளின் ஒட்டுறவு 0.67. முழுத் தேர்வுக்கு ஸ்பியர்மன்-பிரௌன் சூத்திரப்படி நம்பகத்தன்மை 2 × 0.67 ÷ 1.67, அதாவது 0.80.

இதை வைத்துச் சாய்வைத் திருத்தினால் 0.70 ÷ 0.80 = 0.875. கழிக்க வேண்டியது 0.875 × 8 = 7. மீதி 0.

ஆய்வேட்டில் முதலில் இருந்த 7 மதிப்பெண் இப்படி முழுவதும் கரைந்தது. இந்தத் திருத்தம் தோராயமானது, 0.80 என்பதும் ஒரு மதிப்பீடுதான், அதற்கும் பிழை உண்டு. ஆனால் திசை உறுதி. நல்ல பிள்ளைகள் இருந்த பிரிவுக்கே புது முறை கொடுக்கப்பட்டிருந்தால், பிழையுள்ள முன்மதிப்பெண்ணோடு செய்த அன்கோவா அந்த முறைக்குச் சாதகமாகவே சாயும். பின்தங்கிய பிள்ளைகளுக்கென நடத்தும் திட்டங்களில் இதே காரணத்தால் நேர்மாறாக நடக்கும். பயன் தந்த திட்டமும் தீங்கு செய்ததுபோல் தெரியும். அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளித் திட்டத்தைப் பற்றிய 1969 மதிப்பீட்டின் மீது டொனால்ட் கேம்பெல் போன்றோர் வைத்த முக்கியக் குறை இதுதான்.

எடுத்த முடிவு

ஆசிரியை முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, முதல் டி சோதனையை மட்டும் வைத்து ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பது. ஜூன் பதிவேட்டை யாரும் கேட்கப் போவதில்லை. அவரே அதைச் சொன்னார், சொல்லிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னொன்று, எல்லாவற்றையும் வரிசையாக வைப்பது.

ஐந்தாம் இயலைத் திருப்பி எழுதினார். ஜூன் சராசரிகள், நேரடி வித்தியாசம் 7, அன்கோவா திருத்திய வித்தியாசம் 1.4 அதன் இடைவெளியோடு, முன்னேற்றக் கணக்கின் −1, நம்பகத்தன்மைத் திருத்தத்தின் 0. முடிவு வரி இப்படி மாறியது: பிரிவுகள் தொடக்கத்திலேயே வேறுபட்டிருந்ததால், இந்தத் தரவைக் கொண்டு புதிய முறையின் விளைவைப் பிரித்துச் சொல்ல இயலவில்லை, 3 மதிப்பெண் குறைவு முதல் ஏறத்தாழ 6 மதிப்பெண் உயர்வு வரை எதுவும் தரவோடு பொருந்தும்.

“முறை பயனற்றது” என்று எழுத வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். 6 மதிப்பெண் உயர்வும் அந்த இடைவெளிக்குள் இருக்கும்போது அப்படி எழுதுவதும் பொய்தான். நெறியாளருக்கு முதலில் வருத்தம். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாத ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற கவலை. தேர்வாளர் கேட்டது, ஜூன் தேர்வை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், காலாண்டை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விகளைத்தான். ஆசிரியை நன்றாகப் பதில் சொன்னார், ஆய்வேடு ஏற்கப்பட்டது.

அடுத்த ஆண்டு

அன்கோவாவின் பிறப்பிடம் வயல். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1932-ல் தன் புள்ளியியல் புத்தகத்தின் நான்காம் பதிப்பில் இதை விளக்க எடுத்துக்கொண்டது இலங்கைத் தேயிலை நிலத்துண்டுகளின் விளைச்சலை. ஒரு துண்டில் முந்தைய பருவத்தில் எவ்வளவு கொழுந்து பறித்தார்கள் என்று தெரிந்தால், இந்தப் பருவத்து ஒப்பீட்டை அதைக் கொண்டு கூர்மையாக்கலாம். ஆனால் வயல் சோதனையில் எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பது சீட்டுப் போட்டு முடிவாகும். நல்ல மண்ணுக்கே புது உரம் போய்ச் சேர்வதில்லை. அங்கே அன்கோவாவின் வேலை துல்லியத்தைக் கூட்டுவது. எங்கள் பள்ளியில் நாங்கள் அதன் தலையில் ஏற்றியது வேறு சுமை.

இதை ஆசிரியை தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொன்னார். அடுத்த ஜூனில் நிலையறி தேர்வு முடிந்த பிறகே பிரிவு பிரிப்பது என்று அவர் ஒப்புக்கொண்டார். 76 பிள்ளைகளை ஜூன் மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, அடுத்தடுத்த இருவரை ஒரு ஜோடியாக எடுத்து, ஜோடியில் யார் ஏ, யார் பி என்று நாணயம் சுண்டினார்கள். சில பெற்றோர் ஏ பிரிவு கேட்டு வந்தார்கள். எல்லாருக்கும் நாணயம் விழுந்தபடிதான் என்று தலைமையாசிரியர் உறுதியாக நின்றார்.

ஜூன் சராசரிகள் 54.2, 53.8 என்று வந்தன. மார்ச்சில் ஏ பிரிவு 61.5, பி பிரிவு 58.7, வித்தியாசம் 2.8. சாய்வு இந்த ஆண்டும் 0.70, அதனால் கழிக்க வேண்டியது 0.3-க்கும் குறைவு. திருத்திய வித்தியாசம் 2.5. முன்னேற்றக் கணக்கு போட்டால் 2.4. ஆக, போன ஆண்டு 7, 1.4, −1 என்று சிதறிய மூன்று விடைகளும் இந்த ஆண்டு 2.8, 2.5, 2.4 என்று ஒன்றாகக் கூடிவிட்டன. b எதுவாக இருந்தாலும் அதைப் பெருக்கப் போவது 8 இல்லை, 0.4 தான். எந்தக் கணக்கு சரி என்ற சண்டைக்கே இடமில்லாமல் போனது. இதைக் கண்டபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

துல்லியத்தில் அன்கோவா தன் வேலையைச் செய்தது. ஜூன் மதிப்பெண்ணைச் சேர்க்காமல் பார்த்தால் திட்டப் பிழை 3.2, சேர்த்தால் 2.1. இருந்தும் இடைவெளி −1.7 முதல் 6.8 வரை நீள்கிறது. 2.5 மதிப்பெண் உயர்வு உண்மையா என்று 76 பிள்ளைகளால் சொல்ல முடியவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

முதலாவது, பிள்ளைகளின் எண்ணிக்கை. 3 மதிப்பெண் விளைவு உண்மையிலேயே இருந்தால் அதை ஐந்தில் நான்கு முறையாவது கண்டுபிடிக்க, ஜூன் மதிப்பெண் இல்லாமல் ஒப்பீட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 340 பேர் வேண்டும். ஜூன் மதிப்பெண்ணோடு 150 பேர் போதும். ஜூனுக்கும் மார்ச்சுக்கும் பிரிவுக்குள் இருந்த ஒட்டுறவு 0.75, அதன் வர்க்கம் 0.56, மிஞ்சும் 0.44 பங்கு சிதறலோடு மட்டும் போராடினால் போதும் என்பதால் இந்தக் குறைவு. 150 பேர் என்றால் ஒரே பள்ளியால் ஆகாது.

இரண்டாவது, ஒரு பக்கத்துக்கு ஒரே வகுப்பறை என்ற நிலை. ஏ பிரிவுக்கு வெள்ளிக்கிழமை காலை, பி பிரிவுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த நேர வித்தியாசத்தையும், அந்த வகுப்பில் அமைந்த நாலு நல்ல பிள்ளைகளின் தாக்கத்தையும் முறையின் விளைவிலிருந்து எந்த முன்மதிப்பெண்ணும் பிரித்துத் தராது. இரண்டு ஆண்டும் நான் இதைப் போதிய அளவு வலியுறுத்தவில்லை. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது, இடையில் நின்றுபோன பிள்ளைகள். முதல் ஆண்டில் ஜூன் தேர்வு எழுதி மார்ச் தேர்வுக்கு வராதவர்கள் ஏ பிரிவில் 3 பேர், பி பிரிவில் 2 பேர். அவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டோம். எண்ணிக்கை குறைவு என்றாலும், ஐவரில் நால்வர் ஜூனில் 40-க்குக் கீழ் எடுத்தவர்கள் என்பதை ஆய்வேட்டில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

மூன்றாம் ஆண்டுக்குப் பக்கத்து ஊர்களின் மூன்று பள்ளிகள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவு. பிரிவு பிரிப்பதும், எந்தப் பிரிவுக்குப் புது முறை என்பதும் சீட்டுப்படி. பள்ளிக்குள் பாதி வாரங்கள் காலையும் பாதி வாரங்கள் மதியமும் மாறி மாறி வரும்படி கால அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஜூன் தேர்வு 25-லிருந்து 40 கேள்வியாகிறது. அதே தரமான கேள்விகளாக அமைந்தால் நம்பகத்தன்மை 0.80-லிருந்து 0.86 அளவுக்கு உயரும். புதிதாகச் சேர்க்க வேண்டிய 15 கேள்விகளை ஆசிரியை எழுதிவிட்டார். போன வாரம் பார்த்தபோது, அவற்றில் மூன்று மிகவும் எளிதாக இருப்பதாகச் சொல்லித் திருத்திக்கொண்டிருந்தார்.